2B-யில் வராத பில்

கோவை கணபதியில் மோட்டார் பம்ப் செய்யும் ஒரு சிறு பட்டறையை எடுத்துக்கொள்வோம். ஜூலை 18ஆம் தேதி, மோட்டாருக்குச் சுற்றும் தாமிரக் கம்பி வாங்குகிறார்கள். கம்பியின் விலை 3,00,000 ரூபாய். 18 சதவீத ஜிஎஸ்டி 54,000 ரூபாய். அதில் பாதி மத்திய அரசுக்கு, பாதி மாநில அரசுக்கு. மொத்தம் 3,54,000 ரூபாயையும் பட்டறைக்காரர் அந்த மாதமே வங்கி வழியாக அனுப்பிவிட்டார். கம்பி வந்துவிட்டது, பில் ஃபைலில் இருக்கிறது, பணமும் போய்ச் சேர்ந்துவிட்டது. வாங்கியவர் செய்ய வேண்டியது எதுவும் பாக்கியில்லை.

ஆகஸ்ட் 14ஆம் தேதி ஜிஎஸ்டி தளத்தைத் திறந்து GSTR-2B அறிக்கையைப் பார்க்கிறார். அதில் அந்த பில் இல்லை.

இதனால் என்ன நஷ்டம்? ஜூலையில் பம்ப் விற்றபோது வாடிக்கையாளர்களிடம் அவர் வசூலித்த வரி 92,000 ரூபாய். மற்ற கொள்முதல்களில் அவர் கட்டிய வரி 21,000 ரூபாய். கம்பிக்குக் கட்டிய 54,000 ரூபாயையும் கழித்துக்கொண்டால் அரசுக்குக் கட்ட வேண்டியது 17,000 ரூபாய்தான். அது 2B-யில் இல்லாததால் ஆகஸ்ட் 20ஆம் தேதிக்குள் 71,000 ரூபாய் கட்ட வேண்டியிருக்கிறது. கம்பிக்காரரிடம் ஒருமுறை கொடுத்த 54,000 ரூபாயை அரசுக்கும் ரொக்கமாகக் கட்டுகிறார். அது பின்னால் திரும்பக் கிடைக்கலாம். ஆனால் ஆகஸ்ட் மாதக் கூலிக்கும் மின்கட்டணத்துக்கும் வைத்திருந்த பணம் போய்விட்டது.

வாங்கும்போது கட்டிய வரியை, விற்கும்போது கட்ட வேண்டிய வரியில் கழித்துக்கொள்வதற்குத்தான் உள்ளீட்டு வரி வரவு என்று பெயர். கடைத்தெருவில் ‘இன்புட்’ என்றும் ஐடிசி என்றும் சொல்கிறார்கள். கையில் பில் இருந்தால் போதும், கழித்துக்கொள்ளலாம் என்று பலரும் இன்னமும் நினைக்கிறார்கள். 2017இல் ஜிஎஸ்டி வந்த புதிதில் ஏறக்குறைய அப்படித்தான் நடந்தது. பிறகு போலி பில்கள் பெருகின. 2019 அக்டோபரில், சப்ளையர் பதிந்த பில்களின் வரிக்கு மேல் 20 சதவீதம் வரைதான் கூடுதலாக எடுக்கலாம் என்று கட்டுப்பாடு வந்தது. அது 10 ஆகி, 5 ஆகி, 2022 ஜனவரி 1 முதல் பூஜ்யமாகிவிட்டது. சட்டத்தின் 16(2)(aa) பிரிவின்படி, விற்றவர் அந்த பில்லைத் தன் விற்பனை அறிக்கையான GSTR-1இல் பதிந்திருக்க வேண்டும். அது வாங்கியவரின் 2B-யில் தெரியவும் வேண்டும். அப்போதுதான் இன்புட் எடுக்க முடியும்.

ஆக, நம் பணம் நமக்கு வருவது இன்னொருவர் அலுவலகத்தில் யாரோ செய்யும் ஒரு பதிவைப் பொறுத்திருக்கிறது. அந்தப் பதிவை நாம் செய்ய முடியாது, அவரிடம் கேட்கத்தான் முடியும். எப்போது கேட்பது, யாரிடம் கேட்பது, எதைச் சொல்லிக் கேட்பது என்பதில்தான் இந்தப் பணம் தங்குவதும் போவதும் இருக்கிறது.

கேட்பதற்கு முன்னால் ஒரு வேலை உண்டு. பில் உண்மையிலேயே இல்லையா என்று பார்க்க வேண்டும். நம் கணக்கில் KW/318/25-26 என்று இருக்கும் பில்லை சப்ளையர் வெறும் 318 என்று பதிந்திருப்பார். கணக்கு மென்பொருள் இரண்டையும் ஒப்பிட்டு ‘இல்லை’ என்று சொல்லிவிடும். ஆகவே பில் எண்ணை வைத்துத் தேடாமல், சப்ளையரின் ஜிஎஸ்டி எண்ணை வைத்து 2B-யில் வடிகட்டி, வரித்தொகையைக் கண்ணால் பார்ப்பது நல்லது. 27,000, 27,000 என்று ஒரு வரி இருந்தால் அது நம்முடையதுதான். முந்தைய, பிந்தைய மாதங்களின் 2B-யையும் ஒரு பார்வை பார்த்துவிட வேண்டும். பதிந்துவிட்ட ஒருவரைக் கூப்பிட்டு “ஏன் பதியவில்லை” என்று கேட்டால், அடுத்த முறை உண்மையாகவே விட்டுப்போகும்போது அவர் காது கொடுக்க மாட்டார்.

இரண்டாவதாக, சப்ளையர் மாதாமாதம் ரிட்டர்ன் போடுபவரா, மூன்று மாதத்துக்கு ஒருமுறை போடுபவரா என்று தெரிந்துகொள்ள வேண்டும். இதை யாரிடமும் கேட்க வேண்டியதில்லை. ஜிஎஸ்டி தளத்தின் முகப்பில் Search Taxpayer பகுதியில் அவருடைய ஜிஎஸ்டி எண்ணைக் கொடுத்தால் பதிவு நடப்பில் இருக்கிறதா, ரத்தாகிவிட்டதா என்பது தெரியும். அங்கேயே Show Filing Table என்பதை அழுத்தினால், எந்த மாதத்து GSTR-1 எந்தத் தேதியில் போயிருக்கிறது என்பதும் வந்துவிடும். இந்த ஒரு பார்வை பாதிக் குழப்பத்தைத் தீர்த்துவிடுகிறது. ரிட்டர்னே போடாதவரிடம் பேசும் பேச்சு வேறு. ரிட்டர்ன் போட்டு நம் பில்லை மட்டும் விட்டவரிடம் பேசும் பேச்சு வேறு.

நம் கம்பிக்காரர் காலாண்டுக்காரர். ஆண்டு விற்பனை 5 கோடி ரூபாய் வரை உள்ளவர்கள் மூன்று மாதத்துக்கு ஒருமுறை ரிட்டர்ன் போடலாம் என்று சட்டம் அனுமதிக்கிறது. பட்டறைக்காரர் போன் போடுகிறார்.

“அண்ணா, வணக்கங்க. ஜூலை பதினெட்டாந்தேதி கம்பி பில்லு 2B-ல வரலைங்க.”

“நாங்க மூணு மாசத்துக்கு ஒருக்காத்தானுங்க போடறது. அக்டோபர்ல வந்துருமுங்க.”

“அதுவரைக்கும் அம்பத்தி நாலாயிரம் எனக்கு முடங்குதுங்களே. நடுவுல ரெண்டு மாசத்துக்கு பில்லு மட்டும் ஏத்தறதுக்கு IFF-னு ஒண்ணு இருக்குதுங்களே, அதுல நம்ம பில்லை மட்டும் போடச் சொன்னீங்கன்னா...”

“அதெல்லாம் ஆடிட்டருக்குத்தான் தெரியும். அவரையே கேட்டுக்குங்க தம்பி.”

பட்டறைக்காரர் கேட்டது முற்றிலும் சரி. காலாண்டுக்காரர்கள், காலாண்டின் முதல் இரண்டு மாதத்து பில்களை அடுத்த மாதம் 1 முதல் 13ஆம் தேதிக்குள் IFF என்ற வசதியில் ஏற்றலாம். மாதம் 50 லட்சம் ரூபாய் மதிப்பு வரை ஏற்ற முடியும். எல்லா பில்லையும் ஏற்ற வேண்டும் என்ற கட்டாயமில்லை, கேட்டவருடைய பில்லை மட்டும் ஏற்றினாலும் போதும். ஆனால் இது விருப்பத்துக்கு விடப்பட்ட வசதி. நாம் கேட்காவிட்டால் பெரும்பாலான சிறு வியாபாரிகள் பயன்படுத்துவதே இல்லை. அவர்களுடைய ஆடிட்டர் அலுவலகத்துக்கு அது இன்னொரு வேலை.

பட்டறைக்காரர் செய்த பிழை, கேட்ட தேதி. அவர் ஆகஸ்ட் 14ஆம் தேதிக்குப் பிறகு கேட்டார். ஜூலைக்கான IFF 13ஆம் தேதியோடு மூடிவிட்டது. மாதாமாதம் ரிட்டர்ன் போடுபவருக்கு GSTR-1 கடைசித் தேதி 11. காலாண்டுக்காரருக்கு 13. நம் 2B தயாராவது 14. நாம் 3B போட்டுப் பணம் கட்டுவது 20. ஆகவே 2B-யைப் பார்த்துவிட்டுக் கேட்கும் கேள்விக்கு அந்த மாதத்தில் பதில் கிடையாது, அடுத்த மாதத்தில்தான் கிடைக்கும். 5ஆம் தேதியிலிருந்து 9ஆம் தேதிக்குள் கேட்டால் அதே மாதத்தில் வேலை முடிகிறது.

2B வராமலே எதை வைத்துக் கேட்பது? 2024 அக்டோபரில் தளத்தில் வந்த IMS என்ற பகுதி இதற்கு உதவும். சப்ளையர் தன் GSTR-1இல் ஒரு பில்லை ஏற்றிச் சேமித்த உடனேயே, அதைச் சமர்ப்பிப்பதற்கு முன்பே, நம் IMS பக்கத்தில் அது தெரிய ஆரம்பித்துவிடும். 9ஆம் தேதி அங்கே போய்ப் பார்த்தால், பெரிய தொகை பில்களில் எது வந்திருக்கிறது, எது வரவில்லை என்று தெரியும். பல ஆடிட்டர்கள் கடைசி நாளில்தான் மொத்தமாக ஏற்றுவார்கள் என்பதால், அங்கே இல்லை என்பதை வைத்தே விட்டுப்போய்விட்டது என்று முடிவு கட்ட முடியாது. ஆனால் ஒரு நினைவூட்டலுக்கு அது போதுமான காரணம். IMS-இல் இன்னொரு எச்சரிக்கையும் உண்டு. அங்கே Accept, Reject, Pending என்று மூன்று பொத்தான்கள் இருக்கும். தவறுதலாக Reject அழுத்திய பில் 2B-யின் வரவில் சேராது. சப்ளையரைக் குறை சொல்வதற்கு முன் நம் அலுவலகப் பையன் எதை அழுத்தினான் என்றும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

யாரிடம் கேட்பது என்பதற்குக் கம்பிக்காரரே பதில் சொல்லிவிட்டார். கடை முதலாளிக்கு நம் முகம் தெரியும், கொடுக்கல் வாங்கல் தெரியும். GSTR-1 அவருக்குத் தெரியாது. அந்த வேலை அவருடைய கணக்கரிடமோ, அவர் ‘ஆடிட்டர்’ என்று சொல்லும் வரி ஆலோசகரின் அலுவலகத்தில் நூறு வியாபாரிகளின் ரிட்டர்னை ஒரே வாரத்தில் போடும் ஒரு பெண்ணிடமோ இருக்கிறது. முதலாளியிடம் மட்டும் சொன்னால் செய்தி அங்கே போய்ச் சேர்வதில்லை. கணக்கரிடம் மட்டும் சொன்னால் முதலாளி சொல்லாமல் அவர் தொடமாட்டார். இரண்டு பேருக்கும் ஒரே செய்தி, ஒரே நேரத்தில் போக வேண்டும். புதிய சப்ளையரிடம் முதல் பில் வாங்கும்போதே கணக்கரின் எண்ணை வாங்கி வைத்துக்கொள்வது பின்னால் நிறைய அலைச்சலை மிச்சமாக்கும்.

செய்தியில் என்ன இருக்க வேண்டும் என்பது மிக முக்கியம். “எங்க பில் எல்லாம் 2B-யில் வரலை, சீக்கிரம் பாருங்க” என்று போகும் செய்தியை வைத்து யாராலும் எதையும் தேட முடியாது. நூறு வியாபாரிகளைக் கையாளும் அந்தப் பெண் திரையைத் திறந்த அரை நிமிடத்தில் பில்லைக் கண்டுபிடிக்கும்படி எழுத வேண்டும். நம் பட்டறைக்காரர் ஆகஸ்டில் அனுப்பிய செய்தி இப்படி:

“வணக்கம். உங்களிடம் 18-07 அன்று வாங்கிய தாமிரக் கம்பிக்கான பில் எண் KW/318/25-26. வரிக்கு முந்தைய மதிப்பு ரூ.3,00,000. மத்திய வரி ரூ.27,000, மாநில வரி ரூ.27,000. மொத்தம் ரூ.3,54,000; முழுத்தொகையும் செலுத்திவிட்டோம். இந்த பில் எங்கள் ஜூலை GSTR-2B-யில் வரவில்லை. செப்டம்பர் 13க்குள் ஆகஸ்ட் IFF-இல் இதைச் சேர்த்துப் பதியும்படி கேட்டுக்கொள்கிறோம். எங்கள் ஜிஎஸ்டி எண்ணைக் கீழே கொடுத்திருக்கிறோம். பில் நகல், பணம் செலுத்திய வங்கிச் சான்று, 2B பக்கம் மூன்றும் இணைப்பில் உள்ளன. ஏற்கெனவே பதிந்திருந்தால், எந்த ஜிஎஸ்டி எண்ணின் கீழ் பதிந்திருக்கிறது என்று தெரிவிக்கவும்.”

கடைசி வாக்கியம்தான் இதில் உயிர். அதை விட்டுவிட்டுக் கேட்டால் பெரும்பாலும் வரும் பதில், “நாங்க போட்டுட்டோமே” என்பதுதான். அது பொய்யாகவும் இருக்காது. அவர்கள் போட்டிருப்பார்கள், வேறு எண்ணில்.

நம் பட்டறைக்காரருக்கு அதுதான் நடந்தது. ஆகஸ்ட் IFF-இல் பில் ஏறவில்லை. அக்டோபர் 12ஆம் தேதி கம்பிக்காரரின் காலாண்டு GSTR-1 போய்விட்டதாகத் தளம் காட்டுகிறது. அக்டோபர் 14ஆம் தேதி 2B-யில் அப்போதும் பில் இல்லை. மறுபடியும் கேட்கிறார்; இந்தமுறை ஆடிட்டர் அலுவலகத்தில் அந்தக் கடைசிக் கேள்விக்குப் பதில் தேடுகிறார்கள். GSTR-1இன் 4A அட்டவணையை இறக்கி, 318 என்ற எண்ணைத் தேடினால், அது வேறொரு நிறுவனத்தின் ஜிஎஸ்டி எண்ணில் கிடக்கிறது. ஏறக்குறைய ஒரே பெயரில் இரண்டு வாடிக்கையாளர்கள். பட்டியலில் மேலே இருந்த பெயர் விழுந்துவிட்டது.

ஜிஎஸ்டி எண்ணில் ஓர் எழுத்து மாறிப்போனதால்தான் இப்படி நடக்கிறது என்று பொதுவாகச் சொல்வார்கள். உண்மையில் அது அபூர்வம். 15 இலக்கத்தில் கடைசி இலக்கம் சரிபார்ப்புக்கானது; முன்னால் ஏதாவது ஒன்று பிசகினால் பெரும்பாலும் தளம் ஏற்றுக்கொள்ளாது. ஆகவே தவறான எண் என்றால் அது அனேகமாக இன்னொருவருடைய சரியான எண்ணாகவே இருக்கும். பெயர் ஒத்த வேறு வாடிக்கையாளர், நம்முடையதே ஆன வேறு மாநிலக் கிளை, கூட்டு நிறுவனமாக மாறுவதற்கு முன்பிருந்த நம் பழைய எண், இப்படி. இன்னொரு வகைத் தவறு, ஜிஎஸ்டி எண் காலியாகிப்போய், நம் பில் பதிவில்லாத சில்லறை வாடிக்கையாளர்களின் மொத்தத் தொகையோடு கலந்துவிடுவது. அதில் சப்ளையர் வரி முழுவதையும் கட்டியிருப்பார். ஆனாலும் நமக்கு ஒரு பைசா வராது.

தவறு இன்னதென்று தெரிந்துவிட்டால் திருத்துவது கடினமில்லை. பில்லையே விட்டிருந்தால், அடுத்த மாத GSTR-1இல் பழைய தேதியோடேயே சேர்த்துவிடலாம். தாமதத்துக்கு சப்ளையர் 18 சதவீத வட்டி கட்ட வேண்டியிருக்கும். சிலர் நழுவுவதற்கு இந்த வட்டியும் ஒரு காரணம் என்பதை மனதில் வைத்துப் பேச வேண்டும். எண் மாறியிருந்தால் 9A என்ற திருத்த அட்டவணையில் சரியான எண்ணைக் கொடுக்கலாம். வரி முன்பே கணக்கில் வந்துவிட்டதால் இதற்குக் கூடுதல் வரி கிடையாது. அதை முதலிலேயே சொல்லிவிட்டால் சப்ளையரின் தயக்கம் பாதி போய்விடும். நம் கம்பிக்காரரின் ஆடிட்டர் அக்டோபருக்கான IFF-இலேயே இந்தத் திருத்தத்தை நவம்பர் 13க்குள் செய்தார். நவம்பர் 14ஆம் தேதி பட்டறைக்காரரின் 2B-யில் பில் வந்தது. ஆகஸ்ட் 20இல் கழித்திருக்க வேண்டிய 54,000 ரூபாயை நவம்பர் 20இல் கழித்தார். மூன்று மாதத்துக்கு, வங்கி ஓவர்டிராஃப்டில் 12 சதவீதம் என்று வைத்துக்கொண்டாலும், வட்டி 1,620 ரூபாய். ஒரு பில்லுக்கு இவ்வளவு.

GSTR-1A என்று ஒரு படிவம் 2024இல் வந்திருக்கிறது. GSTR-1 போட்ட பிறகு, அதே காலத்துக்கான 3B போடுவதற்கு முன், விட்டுப்போன பில்லை அதில் சேர்க்கலாம். சப்ளையருக்கு வரியை அந்த மாதமே கட்டிவிட முடிவதால் வட்டி மிச்சம். ஆனால் வாங்கியவருக்கு அது அடுத்த மாத 2B-யில்தான் தெரியும். வாங்கியவரின் ஜிஎஸ்டி எண்ணை மாற்றுவதற்கும் அது உதவாது. அதற்கு அடுத்த GSTR-1தான் வழி.

இதற்கிடையில் ஒரு சபலம் வரும். பில் கையில் இருக்கிறதே, பணமும் கட்டியாயிற்றே, 3B-யில் 54,000 ரூபாயைச் சேர்த்துப் போட்டுவிடலாமா? போடக்கூடாது. 2B-யில் உள்ளதைவிட அதிகமாக எடுத்தால், வித்தியாசம் குறிப்பிட்ட அளவைத் தாண்டும்போது DRC-01C என்ற அறிவிப்பு தானாகவே வரும். ஏழு நாளில் பணத்தைக் கட்ட வேண்டும் அல்லது காரணம் சொல்ல வேண்டும். தவறாக எடுத்துப் பயன்படுத்திய வரவுக்கு 18 சதவீத வட்டியும் உண்டு. அதற்குப் பதில், நம் கணக்குப் புத்தகத்தில் ‘2B-யில் வராதவை’ என்று ஒரு தனித் தலைப்பு வைத்து இந்த பில்லை அதில் நிறுத்தி வைப்பதே முறை. மாதாமாதம் அந்தத் தலைப்பைத் திறந்தால், யாரை எந்த பில்லுக்குக் கேட்க வேண்டும் என்ற பட்டியல் தயாராக இருக்கும்.

பதிலே சொல்லாத சப்ளையரை என்ன செய்வது? வாட்ஸ்அப்பில் இரண்டு முறை, மின்னஞ்சலில் ஒரு முறை கேட்டுவிட்டுத் தளத்துக்குள்ளேயே கேட்கலாம். Services > User Services > Communication Between Taxpayers என்று போனால், விட்டுப்போன பில்லின் விவரத்தோடு சப்ளையருக்கு அறிவிப்பு அனுப்பலாம். இதனால் அவர் உடனே பதிந்துவிடுவார் என்று சொல்ல முடியாது. ஆனால் நாம் கேட்டோம் என்பதற்கு அரசுத் தளத்திலேயே தேதியோடு ஒரு சாட்சி உருவாகிறது. பிறகு அதிகாரி முன்னால் போய் நிற்கும்போது இது வாய்வார்த்தையைவிடப் பெரிது.

பணத்தைப் பிடித்து வைப்பதுதான் எல்லாரும் சொல்லும் மருந்து. அடுத்த பில்லுக்கான தொகையில் வரிப்பங்கை மட்டும், முந்தைய பில் 2B-யில் வரும்வரை நிறுத்திவைப்பது நியாயமான வழி என்றே நான் கருதுகிறேன். ஆனால் அதைக் கொள்முதல் ஆணையிலேயே எழுதியிருக்க வேண்டும். “வரித்தொகை, பில் எங்கள் GSTR-2B-யில் வந்த பிறகு விடுவிக்கப்படும்” என்ற ஒரு வரி போதும். சொல்லாமல் பிடித்தால் அது பணம் இல்லாதவன் செய்யும் சாக்காகத்தான் சப்ளையருக்குத் தெரியும். இதற்கும் எல்லை உண்டு. பில் தேதியிலிருந்து 180 நாளுக்குள் வரியோடு சேர்ந்த முழுத்தொகையையும் கொடுக்காவிட்டால், கொடுக்காத பங்குக்கான வரவை வட்டியோடு திருப்பிக் கட்ட வேண்டும். சப்ளையரைத் தண்டிக்கிறோம் என்று எல்லாத் தொகையையும் மாதக்கணக்கில் நிறுத்திவைப்பவர் கடைசியில் தன் வரவையே இழக்கிறார்.

பில் 2B-யில் வந்தபிறகும் ஓர் ஆபத்து மிச்சமிருக்கிறது. சப்ளையர் GSTR-1இல் பதிந்துவிட்டு, வரி கட்டும் ரிட்டர்னான 3B-யைப் போடாமல் இருக்கலாம். அந்த நிதியாண்டு முடிந்து வரும் செப்டம்பர் 30 வரை அவர் போடாவிட்டால், நவம்பர் 30க்குள் நாம் எடுத்த வரவைத் திருப்பிவிட வேண்டும் என்கிறது விதி 37A. அவர் பிறகு போட்டால் மறுபடி எடுத்துக்கொள்ளலாம். விற்றவர் செய்த தவறுக்கு வாங்கியவர் ஏன் பிணையாக வேண்டும் என்ற கேள்வி நீதிமன்றத்துக்கும் போயிருக்கிறது. ரப்பர் ஷீட் வாங்கிய வியாபாரிகள் தொடுத்த டி.ஒய்.பீத்தல் வழக்கில், 2021 பிப்ரவரியில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, வரியை வசூலித்துக் கட்டாமல் விட்ட விற்பனையாளர்களை விசாரிக்காமல் வாங்கியவர்கள் மீது மட்டும் பாய்ந்த உத்தரவுகளை ரத்து செய்தது. அந்தத் தீர்ப்பில் நியாயம் பேசுகிறது. ஆனால் அது வந்தது 16(2)(aa) நடைமுறைக்கு வருவதற்கு முன்பு. பில் 2B-யிலேயே இல்லாத ஒருவர் அதை நம்பி உட்கார முடியாது. முழுப் பணத்தையும் வங்கி வழியாகக் கட்டி, சரக்கு வந்ததற்குச் சான்றும் வைத்திருக்கும் சிறு தொழில்காரரைத் தன் பணத்துக்காக இன்னொருவரின் கணக்கரிடம் கெஞ்ச விடுவது சரியான ஏற்பாடு இல்லை. போலி பில்லைத் தடுக்கப் போட்ட வேலியில் உண்மையான பில்காரர்கள் மாட்டிக்கொள்கிறார்கள். சட்டம் மாறும்வரை கேட்பதை ஒழுங்காகச் செய்வது தவிர வேறு வழியில்லை.

அதற்கும் ஒரு கடைசித் தேதி இருக்கிறது. ஒரு நிதியாண்டின் பில்லுக்கு, அடுத்து வரும் நவம்பர் 30 அல்லது ஆண்டறிக்கை போடும் நாள், இதில் எது முந்தியோ அதுவரைதான் வரவு எடுக்க முடியும். சப்ளையர் திருத்துவதற்கும் அதே எல்லைதான். அதன்பிறகு பில் உண்மையானது, பணம் கட்டியது உண்மை என்று எவ்வளவு சொன்னாலும் அந்த வரி நம் செலவாகிவிடும். நவம்பர் 30 என்று சட்டம் சொன்னாலும் நடைமுறையில் அதற்கு முன்பே கதவு சாத்தப்படுகிறது. மாத ரிட்டர்ன் போடும் சப்ளையர் அக்டோபருக்கான GSTR-1ஐ நவம்பர் 11ஆம் தேதி போடும்போது நம் பில் அதில் இருந்தால்தான் நவம்பர் 14ஆம் தேதி 2B-யில் வரும். 20ஆம் தேதி எடுக்க முடியும். ஆகவே மார்ச் 31 வரை வாங்கிய பில்களில் இன்னும் ‘2B-யில் வராதவை’ தலைப்பில் நிற்பவற்றுக்கெல்லாம், பில் எண், தேதி, வரித்தொகை, எந்த ஜிஎஸ்டி எண்ணில் பதிந்தார்கள் என்ற கேள்வி ஆகியவற்றோடு கடைசிச் சுற்றுக் கடிதத்தை அக்டோபர் முதல் வாரத்துக்குள் அனுப்பிவிடுங்கள்.